அஸீமாவின் போன் சுட்ட இரண்டு நாள்

"கை வெச்சுப் பாருங்க! வெச்சுப் பாருங்கன்னு சொல்றன்! இது போனா, ரொட்டி சுடுற தாச்சியா?"

"சத்தம் போடாதீங்க ஹவ்வா உம்மா, கீழ கடையில கேக்கும்."

"கேக்கட்டும்! எங்கட புள்ளட போட்டோ ஊரெல்லாம் போகுது. எங்கட சத்தம் கீழ் மாடிக்குப் போனா மட்டும் ஒங்களுக்கு வெக்கமா?"

"எங்க போகுது? யாருக்கிட்ட போகுது? நீங்க கண்டீங்களா?"

"கண்டாத்தானா? நெருப்பு மாதிரி சுடுதே, அது போதாதா?"

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள சந்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது தினேஸின் போன் திருத்தும் கடை. மூன்று பேர் நிற்கலாம், இருவர் பக்கவாட்டில் திரும்பி நின்றால். ஹவ்வா உம்மா பக்கவாட்டில் திரும்புகிற ஆள் அல்ல. அஸீமாவோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அகலம். இரண்டு பேருக்கும் நடுவில், கவுண்டரின் கண்ணாடி மேல், பூப்போட்ட தடித்த உறைக்குள் அந்தப் போன் ஒன்றும் அறியாத பிள்ளை போலக் கிடந்தது.

அஸீமாவைக் குண்டசாலையில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரியாதவர்களை அவளுக்குத் தெரியும். அவள் முகத்துக்கு நேரே யாரும் "கலியாணத் தரகர்" என்று சொல்லமாட்டார்கள். கேட்டால், "நாலு குடும்பத்துக்கு நல்லது செய்றன்" என்பாள். நல்லது நடந்த பிறகு அந்தக் குடும்பங்கள் கையில் என்ன வைக்கின்றன என்பது குடும்பங்களுக்கும் அஸீமாவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விஷயம். நமக்கு எதற்கு?

அவளுடைய தொழிலுக்கு முதல் இல்லை, கடை இல்லை. இருப்பதெல்லாம் ஒரு வாக்கு. பெண் பிள்ளையின் போட்டோ அவள் போனைத் தாண்டி வெளியே போகாது. வாட்ஸப்பில் அனுப்பமாட்டாள், கேட்டாலும் அனுப்பமாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் போனை எடுத்துத் தன் கையிலேயே பிடித்துக் காட்டுவாள். பார்க்கிறவர்களின் விரல் திரையைத் தொடவும் விடமாட்டாள், தள்ளினால் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்துவிடும் என்பதால். பேஸ்புக்கில் போட்டோ போடாத உம்மாமார் எல்லாம் அஸீமாவிடம் மட்டும் கொடுத்தது இதற்காகத்தான். குளிக்கப் போனாலும் போனைக் கூடவே கொண்டுபோய், குளியலறைக் கதவில் அடித்த ஒரு கொழுவியில் தொங்கவிடுவாள் என்று அவளுடைய பக்கத்து வீட்டார் சொல்வார்கள். பக்கத்து வீட்டார் எப்படிக் கண்டார்கள் என்று கேட்கக்கூடாது.

அப்படிப்பட்ட போன் வியாழன் இரவு ஏதோ கேட்டது. காசு போடும் ரீலோட் சலுகையாக்கும் என்று நினைத்து அஸீமா "ஆம்" என்பதை அழுத்திவிட்டாள். திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. அவள் ஓதிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்ப வந்தபோது எல்லாம் இருந்த மாதிரியே இருந்தது, எழுத்து மட்டும் கொஞ்சம் உருண்டையாகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சும்மா கிடந்த போன் சுடத் தொடங்கியது. இரவு வரை தாங்குகிற சார்ஜ் பகல் சாப்பாட்டுக்கு முன்னமே தீர்ந்தது. அஸீமா தனக்குத் தெரிந்த வைத்தியம் அத்தனையும் செய்தாள். அணைத்துப் போட்டாள், திரும்பவும் அணைத்துப் போட்டாள், கடைசியில் குளிர்சாதனப் பெட்டியில் இனிப்பு வட்டலப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில்தான் ஹவ்வா உம்மா வந்தது. மகள் ஸுமைராவைப் பெண் பார்க்க மறுநாள் மாத்தளையிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் படத்தை இன்னொரு முறை பார்க்கலாமென்று போனைத் தொட்டவள் கையை உதறினாள். கத்தாரிலிருக்கும் அவளுடைய மகன் ஒருதடவை சொல்லியிருந்தானாம், சும்மா இருக்கிற போன் சுட்டால் உள்ளே வேறு யாரோ இருந்து பார்க்கிறார்கள் என்று. போன வாரம் இந்தப் போனுக்குப் புது பேட்டரி போட்டது யார்? ஹந்தானைப் பொடியன் தினேஸ். அப்போ உள்ளே ஆள் வைத்தது யார்? கணக்குச் சரியாக வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே முச்சக்கர வண்டியில் சண்டை பிடித்துக்கொண்டே டவுனுக்கு வந்து இறங்கினார்கள்.

"தம்பி," என்றாள் ஹவ்வா உம்மா தினேஸைப் பார்த்து, "உண்மையச் சொல்லுங்க. பேட்டரியோட சேத்து என்ன வெச்சீங்க?"

தினேஸ் கையிலிருந்த சின்னத் திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தான். "பேட்டரியோட சேத்து ஒரு ஒட்டு டேப் வெச்சேன் ஆன்டி. வேணும்னா கழட்டிக் காட்டுறேன்."

"பகிடி விடாதீங்க!" இது அஸீமா. அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். பொடியன் கள்ளனென்றால் அவள் பிழைப்புப் போச்சு. பொடியன் நல்லவனென்றால் போன் ஏன் சுடுகிறது? "டூப்ளிகேட் பேட்டரி போட்டீங்களா, இல்ல வேற வேல பாத்தீங்களா? ரெண்டுல ஒண்டு சொல்லுங்க மகன்."

"எந்த நாள்ல இருந்து சுடுது?"

"நேத்து."

"நான் பேட்டரி போட்டது போன வாரம். ஒரு வாரம் நல்லா இருந்துச்சா?"

"இருந்திச்சி."

"முந்தாநாளு ஏதாச்சும் அமுக்குனீங்களா? போன் அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சா?"

அஸீமா மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள். ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் குட்டையும் கிளறுகிறவளுக்குத் தன்னுடைய ஒரு விரல் செய்ததைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. "ரீலோட் எண்டு நெனச்சி..." என்று இழுத்தாள்.

தினேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூப்போட்ட உறையைக் கழற்றினான். "அப்டேட் ஆகியிருக்கு. அவ்வளவுதான். இங்க தொடுங்க ஆன்டி, கமராவுக்குக் கீழ. இங்கதான் சூடு. இது போனோட மூளை இருக்கிற எடம். பேட்டரி இந்தக் கீழ்ப்பக்கம். பேட்டரி கெட்டுதுன்னா முதுகு உப்பி வரும். இது தட்டையா இருக்கு பாருங்க. மூளைதான் வேலை செய்யுது."

"யாருக்கு வேல செய்யுது? அதத்தானே நாங்க கேக்கிற!" என்றாள் ஹவ்வா உம்மா.

"சொல்றேங்க. ஒரு வீட்டுக்குப் புது மருமக வந்தா என்ன பண்ணுவா?"

மருமகள் என்றதும் இரண்டு பேரும் வாயை மூடினார்கள். அந்த விஷயத்தில் இருவருக்கும் நிறையச் சொல்ல இருந்தது.

"மொத ரெண்டு நாளு குசினியில இருக்கிற டின்னெல்லாம் எறக்கி, தெறந்து பாத்து, தனக்குத் தோதா திரும்ப அடுக்குவா. அதே சீனி, அதே மொளகாத்தூள்தான். ஆனா அவ கைக்கு எட்டுற மாதிரி அடுக்கணும்ல? அப்டேட் வந்தாலும் அதான். இருக்கிற ஆப் எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி திரும்ப தயார் பண்ணும். தேடுனா கெடைக்கிறதுக்கு எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவ வாசிக்கும். போட்டோவெல்லாம் மொதல்ல இருந்து பாத்து, இது யாரு மூஞ்சி, இது யாரு மூஞ்சின்னு பிரிக்கும். ஒங்ககிட்ட எத்தன போட்டோ இருக்கு?"

"கொஞ்சம்தான்," என்றாள் அஸீமா.

தினேஸ் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "கொஞ்சமா? கண்டியில பாதி இருக்கு ஆன்டி."

"அப்ப பாக்குதுதானே!" ஹவ்வா உம்மா கவுண்டரில் தட்டினாள். "நான் சென்னது சரிதானே! எங்கட புள்ளட மொகத்தப் பாக்குது!"

"பாக்குது. ஆனா உள்ளயே பாக்குது. வெளிய சொல்லல."

"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தினேஸ் ஒரு ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து ஹவ்வா உம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். பிறகு வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்து, திரையிலிருந்த விமானக் குறியையும் தட்டிவிட்டான். "இப்ப இதுக்கு வெளிய போற ரோடு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் உக்காருங்க. திருட்டு வேலைன்னா ரோட்ட அடைச்சதும் அனுப்புற வேலை நின்னு ஆறிடணும்."

உட்கார ஒரு கதிரைதான் இருந்தது. அஸீமா அதில் உட்கார்ந்தாள். ஹவ்வா உம்மா சிம்மைத் தங்க மோதிரம் போல மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பஸ்காரன் திகன, குண்டசாலை என்று கத்தி முடித்து, பஸ்ஸும் போய்விட்டது. ஹவ்வா உம்மா போனைத் தொட்டாள். அதே சூடு.

"இன்னொண்ணு பாருங்க." ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். "நேத்துல இருந்து சார்ஜ தின்னது யாருன்னு இதுல இருக்கு. மேல போட்டோ ஆப், அதுக்கு அடுத்து சிஸ்டம். சரி, அந்தப் போட்டோ ஆப் எவ்வளவு டேட்டா வெளிய அனுப்பியிருக்கு? இதோ, ஒண்ணுமே இல்ல. போட்டோவ காப்பி எடுத்து நெட்டுல ஏத்துறதையும் அணைச்சு வெச்சிருக்கீங்க. தின்னுருக்கு, எங்கயும் அனுப்பல."

ஹவ்வா உம்மா அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். விளங்கியதோ இல்லையோ, விளங்கிய முகத்தோடு தலையாட்டினாள். "சரி. அப்ப ஏன் இன்னம் முடியல்ல? வெள்ளிக்கெழம தொடங்கின வேல."

"நீங்க நேத்து அணைச்சு அணைச்சுப் போட்டீங்களா?" என்று தினேஸ் அஸீமாவிடம் கேட்டான்.

"சுட்டா பின்ன என்ன செய்ற?"

"ஒவ்வொரு தடவையும் வேலய நடுவுல விட்டுட்டு எந்திரிச்சுருக்கு. வேற?"

அஸீமா வட்டலப்பத்தைப் பற்றியும் சொன்னாள். தினேஸ் தலையில் கை வைத்தான். "பிரிட்ஜுல வெக்காதீங்க ஆன்டி! சூட்ட விட அதுதான் கெடுதி. வெளிய எடுத்ததும் உள்ள வேர்க்கும், தண்ணி கோக்கும். இது சும்மா இருக்கணும். உறையில்லாம, சார்ஜ்ல போட்டு, யாரும் தொடாம. சும்மா இருக்கிறப்பதான் அது ஓடி ஓடி வேலை பாக்கும். ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்கப்புறம் தானா ஆறிடும், சார்ஜும் பழையபடி நிக்கும்."

யாரும் தொடாமல். அஸீமாவுக்கு இதைவிடக் கடினமான மருந்தை எந்த டொக்டரும் எழுதியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் தொடாமல் இருக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். கடையில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஊர்ப் பிள்ளைகள் முழுவதும் ஒரு போன் கடையில் தனியாக இருந்தார்கள் என்று வெளியே வந்தால், ஹவ்வா உம்மா தேவையில்லை, அவளே தன் தொழிலுக்கு ஜனாஸா எடுத்து அடக்கிய மாதிரி.

ஹவ்வா உம்மாவும் விடவில்லை. "பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறன். அப்பவும் இப்பிடியே சுட்டிச்சோ, எங்கட புள்ளட போட்டோவ என் கண்ணுக்கு முன்னால அழிக்கணும். நாளைக்கு மாத்தளையார வரவேணாமெண்டும் சொல்லிருவன். அதுக்கப்புறம் குண்டசாலையில யாரு ஒங்களுக்குப் போட்டோ தார எண்டு பாப்பம்." சிம்மைக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

அஸீமா கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். போன் சார்ஜில், அவள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். கை எட்டாத தூரத்தில் வைக்கச் சொன்னது தினேஸ்.

முதல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து போகிறவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். போனில்லாத அஸீமா வாயில்லாத அஸீமா அல்ல. அம்பிட்டியவிலிருந்து வந்த ஒரு டீச்சரின் போன் தண்ணீரில் விழுந்த கதையைக் கேட்கப்போய், அவளுடைய தம்பி ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்பது வரை தெரிந்துகொண்டாள். தினேஸிடம், "மகன் ஏன் இன்னம் கலியாணம் முடிக்கல்ல?" என்று கேட்டாள். பிரேமிளா என்று ஒரு பிள்ளை இருப்பதாகவும், அவளுடைய அப்பா சம்மதிக்கவில்லை என்றும் அவன் ஒரு திருகாணியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டே சொன்னான். அஸீமா அந்த அப்பாவின் பெயரையும் ஹந்தானைத் தோட்டத்தில் எந்த லயத்து வீடு என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டாள். சமயம் வேறாக இருந்தாலும் அப்பாமார் எல்லோரும் ஒரே அச்சுத்தானே.

உடைந்த திரையோடு ஒரு பொடியன் வந்தான். பெயர் அர்கம். மாத்தளை ரோட்டில் ஒரு பாமசியில் மருந்து விற்கிற வேலை, உம்மா மட்டும், ஒரு தங்கச்சி முடித்துவிட்டாள், சிகரெட் இல்லை. இவ்வளவும் தினேஸ் அவனுடைய போனை வாங்கி வைப்பதற்குள் அஸீமாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னேரம் வரச் சொன்னான் தினேஸ். அவன் படி இறங்கியதும் அஸீமாவின் கை தானாகப் போனை நோக்கி நீண்டது, ஒரு போட்டோ எடுத்துவிடலாமென்று.

"ஆன்டி!" என்றான் தினேஸ்.

கை திரும்பி முந்தானையைச் சரி செய்தது.

அஸருக்குப் பிறகு ஹவ்வா உம்மா வந்தாள். வந்ததும் சலாம் சொல்லாமல் போனைத்தான் தொட்டாள். சூடு இருந்தது. ஆனால் காலையிலிருந்த சூடு இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தேத்தண்ணிக் கோப்பை மாதிரி.

"ஆறல்லயே!"

"ஆறிக்கிட்டு வருது ஆன்டி. கொஞ்சம் மிச்சம் இருக்கும். முடிஞ்ச வேலய பாக்கிறீங்களா? அப்பத்தான் நம்புவீங்க." அஸீமாவின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, போட்டோக்களுக்குள் ஒரு பக்கத்தைத் திறந்தான். சின்னச் சின்ன வட்டங்கள், வட்டத்துக்குள் முகங்கள். அஸீமாவே அந்தப் பக்கத்தை அதுவரை கண்டதில்லை. "இதுதான் ரெண்டு நாளா பண்ணுன வேலை. ஒரு ஆளோட மூஞ்சி எங்கெங்க இருக்கோ, எல்லாத்தையும் ஒரு எடத்துல சேத்துருக்கு."

ஹவ்வா உம்மா ஸுமைராவின் வட்டத்தைத் தொட்டாள். மகளின் படங்கள் மட்டும் வரிசையாக வந்தன. மற்றவர்கள் யாரும் இல்லை. "மாஷா அல்லாஹ்," என்று முதல் முறையாகக் குரல் இறங்கியது. பிறகு மனிதருக்கு இருக்கிற ஆசை அவளுக்கும் வந்தது. மாத்தளை மாப்பிள்ளையின் வட்டத்தையும் தொட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த படம் வந்தது. நீலக் கோட், அலையலையாகத் தலைமுடி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். போன மாதம் அஸீமா போன ஒரு கலியாண வீட்டில், சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற படம். அந்த ஆறு பேரில் ஒருவருடைய முகத்தைப் போன் வட்டமிட்டிருந்தது. சோற்றுக் கவளத்தோடு வாய் திறந்திருந்தது. தலையில் மின்விளக்கு மின்னியது.

"இது யாரு? அவருட வாப்பாவா?"

அஸீமா குனிந்து படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இது எப்பிடி ஒரே வட்டத்துக்குள்ள வந்த?"

"ஒரே ஆளுன்னு அது நெனைக்குது," என்றான் தினேஸ் மெதுவாக. "ஆனா சத்தியம் பண்ண முடியாதுங்க. அண்ணன் தம்பி, அப்பா மகன்னாலும் சில நேரம் ஒண்ணா சேத்துரும்."

"இந்தப் போன்ல ஒரு மாசமா இது ஈக்கி, நீங்க காணல்லயா அஸீமா?" குரல் ஏறத் தொடங்கியது. "எங்கட புள்ளக்கி மண்டையில ஒரு மயிரில்லாத ஆளக் கட்டிவெக்கத்தானா பாத்த?"

அஸீமா அன்றைக்கு முழுவதும் பட்ட அவமானம் ஒரு நொடியில் தொழிலாக மாறியது. "தினேஸ் மகன், ஒங்கட போனக் குடுங்க," என்று வாங்கி, மனப்பாடமாக இருந்த நம்பரை அழுத்தினாள். கலியாணம் நடந்த வீட்டு உம்மா. நலம் விசாரித்தாள், பிரியாணியைப் புகழ்ந்தாள், வாசலுக்குப் பக்கத்துச் சஹனில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள், கோட் படத்தையும் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். கேட்டபடியே முகம் இறுகியது. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவருதான். நான் போன நேரமெல்லாம் அவரு வீட்டுல இருக்கல்ல. அந்த கோட் போட்டோ எப்பவோ ஸ்டூடியோவுல எடுத்ததாம். அதுக்குப் பொறகு எடுத்த எதையும் அவங்கட வீட்டுல தார இல்லயாம்."

ஹவ்வா உம்மா மகளுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். ஸுமைராவின் குரல் கடை முழுவதும் கேட்டது. "மொட்டைக்கு எனக்கொண்ணும் இல்ல உம்மா. ஹஜ்ஜுக்குப் போனா எல்லாரும் மொட்டைதான். இப்பவே மறைக்கிறவரு நாளைக்கு என்னத்தயெல்லாம் மறைப்பாரு? வேணாமெண்டு சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்றாள் அஸீமா நிமிர்ந்து. "சும்மாவா அப்டேட் அமுக்கின? மாப்புளய செக் பண்ணிக் குடுக்கத்தான்."

தினேஸ் திருகாணியைத் தேடி மேசைக்கடியில் மறைந்தான். ஹவ்வா உம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. கைப்பையைத் திறந்து சிம்மை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "போட்டோ ஒங்கட போன்லேயே ஈக்கட்டும். ஆனா இனி ஒண்ணும் தெரியாம அமுக்காதீங்க."

அந்த நேரத்தில்தான் அர்கம் தன்னுடைய போனை எடுக்க மேலே வந்தான். கதவில் நின்று, இடமில்லாததால் அரை உடம்போடு உள்ளே எட்டிப் பார்த்து, சலாம் சொன்னான். ஹவ்வா உம்மா பதில் சலாம் சொல்லிக்கொண்டே அவனுடைய தலைமுடியைப் பார்த்தாள். அஸீமா ஹவ்வா உம்மாவைப் பார்த்தாள்.

"போட்டோ இல்ல," என்று காதோடு சொன்னாள் அஸீமா. "நேர்ல பாத்துக்கோங்க. மாத்தளை ரோட்டுப் பாமசி. சிகரெட் இல்ல."

ஞாயிறு காலையில் அஸீமா எழுந்து தொட்டபோது போன் ஆறிக் குளிர்ந்திருந்தது. அன்று இரவு படுக்கும்போதும் சார்ஜ் மிச்சமிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதைவிட நல்ல விஷயங்கள் இருந்தன.

ஸுமைராவுக்கும் அர்கமுக்கும் நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் நடந்தது. இப்போது இருவரும் கட்டுகஸ்தோட்டையில் மேல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஹவ்வா உம்மா முறையிட்டாலும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். மாத்தளை மாப்பிள்ளை குருநாகலில் முடித்தார். அந்தப் பெண் வீட்டார் படம் கேட்கவில்லை, நேரே வந்து பார்த்தார்களாம். பிரேமிளாவின் அப்பாவிடம் அஸீமா ஹந்தானைக்கே ஏறிப் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. தினேஸும் பிரேமிளாவும் தையில் தாலி கட்டிக்கொண்டு கம்பளைக்குக் குடிபோனார்கள். அங்கே அவனுக்குக் கீழ் மாடியில் கடை, நான்கு கதிரை.